டப்பாவில் 25, மிஷினில் 18: ஸ்ட்ரிப் கோடு மாறினால் என்ன ஆகும்?

[காட்சி: ஸ்ட்ரிப் டப்பாவின் லேபிளில் ‘கோடு 25’. பக்கத்தில் சுகர் மிஷின், திரையில் 18.]

மயிலாப்பூரில் ஓர் அம்மா மருந்துக்கடையிலிருந்து புது டப்பா ஸ்ட்ரிப் வாங்கி வருகிறார் என்று வையுங்கள். பழைய டப்பாவின் கோடு 18, புதியதன் கோடு 25. மிஷினில் கோடை மாற்றவில்லை. ஆனாலும் ரத்தம் வைத்தால் வழக்கம்போல ஒரு எண் வந்துவிடும். எனக்குப் பயமே அதில்தான்.

ஸ்ட்ரிப்பில் ஒரு நொதி இருக்கிறது. ரத்தத்தில் உள்ள சர்க்கரையோடு அது சேரும்போது மெல்லிய மின்சாரம் உண்டாகும். மிஷின் அளப்பது அந்த மின்சாரத்தைத்தான். இவ்வளவு மின்சாரம் வந்தால் சர்க்கரை இவ்வளவு என்ற கணக்கு பேட்ச்சுக்கு பேட்ச் சற்று மாறும். எந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று மிஷினுக்குச் சொல்வதே கோடு.

[காட்சி: 240 என்ற எண் 312 ஆக மாறுகிறது.]

இப்போது கணக்கைப் பாருங்கள். அம்மாவின் உண்மையான சர்க்கரை 240. தப்பான கோடு 30 சதவீதம் கூட்டிக் காட்டினால், திரையில் 312. டாக்டர் சொன்ன இலக்கு 120. ஒரு யூனிட் இன்சுலினுக்கு 30 இறங்கும் என்று வைப்போம். 240-க்கு 4 யூனிட் போதும். 312-ஐ நம்பினால் 6 யூனிட்டுக்கு மேல் வரும். 6 போட்டாலே 180 இறங்கி, சர்க்கரை 60-க்கு வந்துவிடும். 70-க்குக் கீழே போனால் லோ சுகர்: வியர்வை, நடுக்கம், தலைசுற்றல். கோடு தப்பு எதிர்ப்பக்கமும் இழுக்கலாம். அப்போது சர்க்கரை ஏறியிருந்தும் மிஷின் குறைத்துக் காட்டும், தேவையான மருந்து போகாது.

சரி, கோடு கேட்காத மிஷின்? அதிலும் அந்தக் கணக்கு இல்லாமல் இல்லை. சிலவற்றில் ஸ்ட்ரிப்பிலேயே பதிந்திருப்பதை மிஷின் தானாகப் படித்துக்கொள்ளும். மற்றவற்றில் எல்லா பேட்ச்சும் ஒரே கணக்குக்குப் பொருந்தும்படி தயாரிக்கிறார்கள். கோடை மாற்ற மறக்கும் தப்பு இதில் நடக்காது. கண் சரியாகத் தெரியாத பெரியவர்களுக்கு இதைத்தான் வாங்கித் தருவேன். ஆனால் சென்னைப் புழுக்கத்தில் மூடியைத் திறந்தே வைத்து ஸ்ட்ரிப் கெட்டுப்போனால், இந்த மிஷினும் தப்பாகவே காட்டும்.

[காட்சி: ஸ்ட்ரிப் சொருகியதும் திரையில் கோடு மின்னுகிறது. விரல் டப்பா எண்ணைத் தொடுகிறது.]

கோடு உள்ள மிஷின் வைத்திருப்பவர்கள், ஸ்ட்ரிப்பைச் சொருகியதும் திரையில் வரும் எண்ணை டப்பா எண்ணோடு ஒப்பிடுங்கள். பொத்தானால் மாற்றுவதோ, டப்பாவோடு வரும் சிப்பைச் சொருகுவதோ, உங்கள் மிஷினின் வழியைச் செய்யுங்கள். அப்புறம் ரத்தத்துக்குப் பதிலாக, சர்க்கரை அளவு தெரிந்த திரவமான கண்ட்ரோல் சொல்யூஷன் ஒரு சொட்டு வைத்து, டப்பாவில் அச்சிட்ட வரம்புக்குள் வருகிறதா பாருங்கள். அந்த வரம்பு அகலமானது. சிறிய கோடு தப்பு அதற்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம். அதனால் எண்ணை ஒப்பிடுவதை விட்டுவிடாதீர்கள்.

பழைய டப்பாவில் மிஞ்சிய ஸ்ட்ரிப்பைப் புது டப்பாவில் கொட்டவே கூடாது. கலந்துவிட்டால், கையில் எடுத்தது 18-ஆ 25-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது.