தனியாக இருப்பவர் வீட்டில் கரப்பான்

நேயர்களுக்கு வணக்கம். பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். சின்ன ஃப்ளாட்டில் தனியாக இருக்கும் வயதானவர்கள், குனியாமல், ஸ்டூலில் ஏறாமல், மருந்து நெடி இல்லாமல் பூச்சித் தொல்லையை எப்படிச் சமாளிப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கரப்பான், கொசு, எலி மூன்றையும் தொடலாம் என்று குறிப்பு வைத்திருக்கிறேன். கரப்பானில் தொடங்குகிறேன்.

முதலில், உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் கரப்பான் என்று பாருங்கள். கட்டைவிரல் நீளத்தில், செம்பழுப்பாக, எப்போதாவது ஒன்று குளியலறையில் ஓடினால் அது சாக்கடைக் குழாய் வழியாக வருவது. ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், வெளிர்பழுப்பாக, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகளோடு சமையலறையில் திரிந்தால் அது வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்துவது. தொல்லை முழுக்க இந்தச் சின்னதால்தான். பெண் பூச்சி தன் முட்டைப் பையை, குஞ்சு பொரிக்கும் நாள் நெருங்கும் வரை பின்னாலேயே சுமந்து திரியும். ஒரு பையில் முப்பது, நாற்பது முட்டை இருக்கும். இந்த முட்டைக் கணக்கை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

என் அத்தை தனியாகத்தான் இருக்கிறார். முழங்கால் வலி, பார்வையும் கொஞ்சம் மங்கல். தினமும் படுக்கப் போகும் முன் சமையலறை முழுக்க ஸ்ப்ரே அடித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, இருமிக்கொண்டே படுப்பார். “நாலு செத்துக் கிடந்துச்சுடா, மருந்து வேலை செய்யுது” என்பார். நாலு சாகும், உண்மைதான். மற்றவை அந்த நெடிக்கு விலகி, சுவர் இடுக்கிலும் அடுத்த அறையிலும் போய் ஒளிந்துகொள்ளும். கண்ணில் படும் பூச்சியைத்தான் ஸ்ப்ரே கொல்கிறது. பகலில் இடுக்குக்குள் அடைந்து கிடக்கும் கூட்டத்தை அது தொடுவதே இல்லை. பாவம், மூச்சு முட்டியதெல்லாம் அத்தைக்குத்தான்.

அத்தையின் ஸ்ப்ரேயை வாங்கி வைத்துவிட்டு, மூன்று ஒட்டுப்பொறி கொடுத்தேன். பசை தடவிய அட்டைதான், விஷம் கிடையாது. கரப்பான் நடுத்தரையில் நடக்காது. உடம்பு எதையாவது உரசிக்கொண்டிருக்க வேண்டும் அதற்கு. அதனால் அட்டையைச் சுவரும் தரையும் சேரும் மூலையில், சுவரை ஒட்டி வைக்க வேண்டும். ஒன்று சிங்குக்குக் கீழே, ஒன்று ஃப்ரிட்ஜ் பக்கத்தில், ஒன்று அடுப்பு மேடைக்கு அடியில்.

அட்டையை வைக்கவும் எடுக்கவும் குனிய வேண்டுமே என்று கேட்பீர்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு நீள நூலை ஒட்டினோம். நூலின் மறுமுனையை, சிங்க் கதவின் கைப்பிடியிலும் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டிலும் மேடை ஓரத்திலும் இடுப்பு உயரத்தில் டேப் போட்டு ஒட்டினோம். நூல் தரையில் கிடந்தால் கால் தடுக்கும், அதனால் சுவரை ஒட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். வாரம் ஒரு நாள் அத்தை நூலைப் பிடித்து மேலே இழுப்பார், கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணுவார், காலண்டரில் எழுதுவார், திரும்ப இறக்கிவிடுவார். அது சுவரை ஒட்டி உட்காராவிட்டால் விளக்குமாற்றுக் கட்டையால் ஒரு தள்ளு.

முதல் வாரம் அடுப்புப் பக்கம் ஒன்றும் இல்லை. சிங்குக்குக் கீழே இரண்டு. ஃப்ரிட்ஜ் பக்கத்து அட்டையில் பத்துக்கு மேல், அதில் பாதி எறும்பு அளவுக் குஞ்சுகள். குஞ்சுகள் கூட்டைவிட்டு அதிக தூரம் போகாது. அவை மாட்டிய இடத்துக்குப் பக்கத்தில்தான் கூடு இருக்கிறது என்று அர்த்தம். ஃப்ரிட்ஜ் மோட்டாரின் சூடும், பின்னால் கசியும் ஈரமும் அதற்குச் சொகுசு. ஆக, வீடு முழுக்க மருந்து தேவையில்லை, ஃப்ரிட்ஜைச் சுற்றி வைத்தால் போதும்.

மருந்து என்றால், ஊசிக் குழலில் வரும் ஜெல். அரிசி மணி அளவில் ஒரு துளி, அதற்கு மேல் வேண்டாம். பெரிய உருண்டையாக ஒரே இடத்தில் வைப்பதைவிட, சின்னத் துளிகளாகப் பல இடுக்கில் வைப்பது நல்லது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நான் வைத்தேன், அது யாராவது வரும்போது செய்துகொடுக்க வேண்டிய வேலை. அலமாரிக் கதவின் கீல் மூலை நின்றபடியே எட்டும், அதை அத்தையே பார்த்துக்கொள்கிறார். ஜெல்லைத் தின்ற பூச்சி உடனே சாகாது. இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். ஸ்ப்ரே எட்டாத இடத்துக்கு மருந்தைப் பூச்சியே சுமந்து போகிறது. முக்கியமாக ஒன்று சொல்கிறேன், ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், கிருமிநாசினி போட்டுத் துடைக்காதீர்கள். அந்த நெடி பட்டால் பூச்சி ஜெல்லைத் தொடாது.

இரண்டாம் வாரம் அத்தையின் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. அடுத்த சில வாரங்களில் திடீரென்று மறுபடி குஞ்சுகள். “உன் மருந்து செத்துப்போச்சு, என் ஸ்ப்ரேயைக் கொடு” என்று போன். முன்பே சொன்ன முட்டைக் கணக்கு இதுதான். மருந்து வைத்தபோது பைக்குள் இருந்த முட்டைகள் பொரிக்க மூன்று நான்கு வாரம் ஆகும். அந்தக் குஞ்சுகளுக்கும் ஜெல் ஈரமாக இருக்க வேண்டும். குச்சியால் தொட்டுப் பார்த்து, கல்லாக இறுகியிருந்தால் பக்கத்தில் புதுத் துளி வையுங்கள். இரண்டு மாதம் ஆகியும் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால், வேறு மருந்துச் சரக்கு உள்ள ஜெல்லுக்கு மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் அடுத்த வீட்டிலிருந்து குழாய் ஓட்டை வழியாக வரலாம். அதைத் தனியாளாகச் சமாளிக்க முடியாது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி ஓட்டையை அடைக்க வேண்டும், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மருந்து வைக்க வேண்டும்.

தினசரி வேலை ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறேன். படுக்கும் முன் சிங்கையும் மேடையையும் ஒரு துணியால் ஈரம் போகத் துடைத்து, குப்பைக்கூடையை மூடிவிடுங்கள். சாப்பாடு இல்லாமல்கூடக் கரப்பான் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் தாங்காது. சமையலறை உலர்ந்திருந்தால், அது வெளியே வந்து தேடும், ஜெல்லும் கண்ணில் படும். துடைத்த துணியை சிங்கிலேயே போட்டுவிடாதீர்கள், ராத்திரி முழுக்க அதுதான் அவற்றுக்குத் தண்ணீர்ப் பந்தல்.

ஒரு எச்சரிக்கை. ஜெல்லோ பொடியோ, எந்தப் பூச்சி மருந்தையும் வேறு டப்பாவில் மாற்றி வைக்காதீர்கள். பார்வை மங்கிய வீட்டில், லேபிள் இல்லாத டப்பாவில் இருக்கும் வெள்ளைப் பொடி எதுவாகவும் தோன்றும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். அந்தப் பெரிய கரப்பானைப் பற்றிச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். அதிகம் புழங்காத குளியலறையின் தரை ஓட்டைக்குக் கீழே, குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் அதைத் தடுக்கிறது. அது வற்றினால் வழி திறந்துவிடும். நூலை இழுத்துப் பார்க்கும் அதே நாளில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். அன்றைக்கே செடித் தொட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரையும் கொட்டிவிடுங்கள், கொசு முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். எலிக்கு நேரமில்லை. விஷம் மட்டும் வைக்காதீர்கள், எட்டாத இடத்தில் போய்ச் செத்து நாறும். வணக்கம்.