லிப் பாமும் தேங்காய் மூடியும்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் செய்த லிப் பாமைப் படமெடுத்து விற்பவர்களுக்காக இன்று பேசுகிறேன். நம் பினாங்கில் ஒரு அக்கா ஜாதிக்காய் லிப் பாம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஒரு ஜாதிக்காய், பின்னால் சாய்த்து வைத்த தேங்காய் மூடி. படம் வந்ததும் பார்த்தால், லிப் பாம் தேங்காயைவிடப் பெரிதாக நிற்கிறது. வாங்குபவர் பெரிய குழாய் என்று நம்புவார், கையில் கிடைத்ததும் ஏமாந்ததாக நினைப்பார்.

ஏன் இப்படி ஆகிறது? வழக்கமான லிப் பாம் குழாய் மூடியோடு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் உயரம். தேங்காய் மூடி 12 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்வோம். கைப்பேசியை லிப் பாமுக்கு 15 சென்டிமீட்டர் அருகில் பிடிக்கிறோம். தேங்காய் அதற்கும் 15 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது, அதாவது இரண்டு மடங்கு தூரத்தில். அதனால் பாதி அளவில், 6 சென்டிமீட்டர் பொருள் போலத் தெரிகிறது. 7-க்குப் பக்கத்தில் 6.

பொருள்களை நகர்த்தாமல், கைப்பேசியை மட்டும் 90 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் பிடித்து ஸூம் செய்யுங்கள். இப்போது அதே தேங்காய் 10 சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிடும். இதைச் செய்வது தூரம்தான்; ஸூம் செய்வது படத்தின் சட்டகத்தை நிரப்ப மட்டுமே.

சரி, படத்தை வேறொருவர் எடுக்கிறார் என்றால்? "சின்ன லிப் பாம், அழகாக எடுங்கள்" என்று எழுதினால் போதாது. எதைவிடச் சின்னது என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. அந்த அக்கா இப்படி எழுதலாம்: "குழாய் 7 சென்டிமீட்டர் உயரம், 10 சென் காசைவிடக் கொஞ்சம் ஒல்லி. ஜாதிக்காய்க் கொட்டை அதே வரிசையில், குழாயின் பாதி உயரத்துக்கும் கீழே. தேங்காய் மூடி ஒரு சாண் பின்னால். படத்தில் அது குழாயைவிடத் தெளிவாகப் பெரிதாகத் தெரிய வேண்டும். கேமரா ஒரு மீட்டர் தள்ளி."

இதில் மிக முக்கியம், எது எந்த வரிசையில் நிற்கிறது என்பது. அளவை மட்டும் சொல்லி இடத்தைச் சொல்லாவிட்டால் பழைய சிக்கல்தான் மறுபடி வரும். அளவு தெரியாத பொருளையும் தவிர்த்துவிடுங்கள். கூழாங்கல் எந்த அளவிலும் இருக்கும், அதனால் கண்ணுக்கு உதவாது. ஜாதிக்காய், காசு, விரல் ஆகியவற்றின் அளவு நம் ஊர் ஆட்களுக்குப் பழக்கம்.

லிப் பாமைத் தனியாக எடுத்து, பின்னணியில் ஒட்டும் வடிவமைப்பாளரிடம் விகிதமாகச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வரிசையில் நிற்க, தேங்காய் 600 பிக்சல் அகலம் என்றால், குழாய் 350 பிக்சல் உயரம். தேங்காய் பின்னால் இருப்பதாகக் காட்டினால் குழாய் சற்றே கூடலாம், 400-ஐ ஒட்டி. வந்த படத்தைத் திரையில் ஸ்கேல் வைத்தே அளந்து பாருங்கள். குழாய் தேங்காயின் அகலத்தில் நான்கில் மூன்று பங்கைத் தாண்டினால், திருப்பி அனுப்பிவிடுங்கள்.