முருங்கை பூத்திருக்கு

தலைப்பு: "வருடக்கணக்கில் விலகிப்போன கணவன் மனைவியைச் சேர்த்து வைப்பது வெளியூர்ப் பயணமா, வீட்டுப் பேச்சா?"

நடுவர் அவர்களே, பெரியோரே, வணக்கம். நான் வீட்டுப் பேச்சு அணி.

எதிரணி அண்ணன் கேட்டார்: "இருபது வருஷம் ஆன பிறகு வீட்டில் பேச என்னங்க மிச்சம்? 'கேஸ் புக் பண்ணியாச்சா?' அவ்வளவுதானே!" நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அதற்கே வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு சார் இருக்கிறார். பிள்ளைகள் கொடைக்கானலுக்கு ரூம் போட்டுக் கொடுத்தார்கள். பனி, ஏரி, படகு எல்லாம் இருக்கிறது. படகில் அவர் செல்போனைப் பார்க்கிறார், அம்மா தண்ணீரைப் பார்க்கிறார். நடு ஏரியில் சார் வாய் திறந்தார். அம்மா ஆசையாகத் திரும்பினார். "மோட்டாரை ஆஃப் பண்ணினியா?" படகு மோட்டார் இல்லைங்க, வீட்டு மோட்டார்! அண்ணே, உங்கள் பயணம் அந்த வீட்டையும் சேர்த்துத்தான் கூட்டிக்கொண்டு போனது.

புதிதாக ஒன்றைச் சேர்ந்து செய்தால் நெருக்கம் கூடும் என்று ஆய்வே உண்டு, அந்த அளவில் அண்ணன் சொல்வது சரி. ஆனால் ஊர் திரும்பிய பிறகு?

அமெரிக்காவில், சியாட்டிலில் ஜான் காட்மன் என்ற உளவியல் ஆய்வாளர் புதுமணத் தம்பதிகளைக் கவனித்தார். ஒருவர் ஏதாவது சொன்னால் மற்றவர் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார் என்று கணக்கெடுத்தார். 6 ஆண்டு கழித்தும் சேர்ந்திருந்தவர்கள் 100க்கு 86 முறை திரும்பியிருந்தார்கள், பிரிந்தவர்கள் 33 முறைதான்.

நம்ம சாருக்கு வருவோம். அம்மா அடுக்களையிலிருந்து, "முருங்கை பூத்திருக்கு" என்பார். சார் "ம்" என்பார். பல வருடமாக அதே "ம்". ஒருநாள் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து, "எங்கே?" என்றார். அம்மா பயந்துபோய், "ஏங்க, உடம்புக்கு முடியலையா?" மறுநாளும் எழுந்து வந்தார். "யார்கிட்டயாவது கடன் வாங்கிட்டீங்களா?" இங்கேதான் பலர் கோபித்துக்கொண்டு பேப்பருக்குத் திரும்பிவிடுகிறார்கள். வருடக்கணக்காகப் பதில் வராத மனசு, முதலில் சந்தேகம்தான் படும். சார் விடவில்லை.

முன்வரிசை அம்மா கேட்கிறார்: "எங்க வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தாலே திட்டுவாரே, அதுக்கு?" அம்மா, அது வேறு வழக்கு. அதற்கு என்னிடம் பதில் இல்லை, நடுவரிடமும் இருக்காது.

சில வாரம் போனது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னார்: "எங்கம்மா போனப்போ, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் எல்லாரும் பந்திக் கணக்குத்தான் கேட்டீங்க. எனக்கு எப்படி இருக்குன்னு யாருமே கேக்கலை." சார் "போனதை விடு" என்று சொல்லவில்லை, நியாயமும் பேசவில்லை. "நானும் கேக்கலையே" என்று சொல்லி அழுதுவிட்டார்.

பேச என்ன மிச்சம் என்று கேட்டீர்களே அண்ணே, அதுதான் மிச்சம். மணி அடிக்கிறார்கள், வருகிறேன். ஆமாம், உங்கள் வீட்டு அண்ணி மூன்றாவது வரிசையில்தானே உட்கார்ந்திருக்கிறார்? நீங்கள் பேசி முடித்ததிலிருந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.