ஒரு பக்க கம்பெனி ப்ரொஃபைல்: பர்ச்சேஸ்காரர் கண்ணு எங்கே நிக்கும்?

[திரையில்: ஒரு ஏ4 தாள். மேலே பெரிய லோகோ, கீழே நாலு பத்தி.]

கோயம்புத்தூர் கணபதி பக்கம் ரெண்டு சிஎன்சி லேத் வெச்சு ஜாப் ஒர்க் பண்ற ஒருத்தர் என்கிட்ட காட்டுன ப்ரொஃபைல் இது. பேரை மறைச்சிட்டேன். முதல் பத்தியில "உலகத்தரம்". ரெண்டாவதுல "வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் மூச்சு". மூணாவதுல அவங்க அப்பா எப்படித் தொழில் ஆரம்பிச்சார்னு. கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் எட்டு வருஷம் ஒரு பம்ப் கம்பெனியில பர்ச்சேஸ் சீட்ல உட்கார்ந்தவன். அந்த சீட்ல இருக்கறவர் கையில ஒரு டிராயிங் இருக்கும். 25 மிமீ விட்டம், 300 மிமீ நீளம், இஎன்8 ஷாஃப்ட்னு வெச்சுக்கங்க. இது இந்தக் கடையில ஓடுமா? அவருக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். இந்தத் தாள்ல அதுக்குப் பதில் இல்ல.

[திரையில்: நாலாவது பத்தியில ஒரு வரி மஞ்சளாகிறது.]

மெஷினைப் பத்தி ஒரே வரி: "அதிநவீன இயந்திரங்கள் உள்ளன." அதை அடிச்சிட்டு இப்படி எழுதினோம். சிஎன்சி லேத் 2. சக் 200 மிமீ. டர்னிங் விட்டம் 260 வரைக்கும், நீளம் 450 வரைக்கும். டெயில்ஸ்டாக் ஒரு மெஷின்ல மட்டும்.

அந்தக் கடைசி வரியை எழுத அவருக்கு மனசே வரல. "குறையை நாமளே ஏன் சார் சொல்லணும்?"னாரு. விட்டத்தைப் போல 12 மடங்கு நீளம் இருக்கற ஷாஃப்ட்டை சக்ல மட்டும் பிடிச்சுத் திருப்பினா நுனி விலகும். அதனால பர்ச்சேஸ்காரர் எப்படியும் டெயில்ஸ்டாக் இருக்கான்னு கேட்கத்தான் போறார். தாள்ல பதில் இருந்தா ஒரு போன் மிச்சம்.

[திரையில்: "மாதம் 8,000 பீஸ்" என்ற வரி.]

அடுத்தது கெப்பாசிட்டி. நிறைய பேர் வழுக்கற இடம் இதுதான். இந்த 8,000 எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். ரெண்டு ஷிஃப்ட், 16 மணி நேரம், 25 நாள், ரெண்டு மெஷின். ஆக 800 மணி நேரம். ஆறு நிமிஷத்துக்கு ஒரு ஷாஃப்ட், மணிக்கு பத்து. பெருக்கல் சரிதான், கணக்குதான் தப்பு.

ஷாஃப்ட் ஓடப்போறது டெயில்ஸ்டாக் இருக்கற ஒரு மெஷின்ல. அப்போ 400 மணி நேரம். செட்டிங், டூல் மாத்தறது, கரண்ட் கட் எல்லாம் போக 80 சதவீதம் ஓடும்னு வெச்சா 320. அதுலயும் இப்ப கையில இருக்கற ஆர்டர் 220 மணி நேரத்தை எடுத்துக்குது. மிச்சம் 100 மணி நேரம், அதாவது மாசம் 1,000 ஷாஃப்ட்.

8,000-ஐ நம்பி யாராவது 4,000 ஆர்டர் போட்டிருந்தா முதல் மாசமே டெலிவரி உதைக்கும். அதனால பீஸ் கணக்கை எடுத்துட்டு, மெஷின் வாரியா மாசம் எத்தனை மணி நேரம் காலின்னு போட்டோம். சைக்கிள் டைம் பார்ட்டுக்குப் பார்ட் மாறும். மணி நேரத்தை வெச்சு அவங்களே கணக்குப் போட்டுக்குவாங்க.

[திரையில்: மைக்ரோமீட்டர், கிட்டத்தில்.]

டாலரன்ஸ்ல "5 மைக்ரான்"னு போட்டிருந்தாரு. மெஷின் கேட்டலாக்ல பார்த்த நம்பர். அவர்கிட்ட இருந்த மைக்ரோமீட்டரோட லீஸ்ட் கவுண்ட் 0.01 மிமீ, அதாவது 10 மைக்ரான். அதை வெச்சு 5 மைக்ரானை எப்படி அளப்பீங்கன்னு கேட்டா பதில் கிடையாது. டாலரன்ஸ்ல பத்துல ஒரு பங்கையாவது கருவி காட்டணும்ங்கறது ஷாப் வழக்கம். தொடர்ந்து ஓடற ஜாப்ல அவர் நிஜமா பிடிக்கறது பிளஸ் ஆர் மைனஸ் 0.015. 0.001 மைக்ரோமீட்டர் ஒண்ணு வாங்கி, காலிபரேஷன் பண்ணி, ரெண்டையும் ஒரே வரியில போட்டாரு.

[திரையில்: தாளின் அடிப்பகுதி. ஜிஎஸ்டி எண், ஆறாவது எழுத்தைச் சுற்றி வட்டம்.]

அடியில ஜிஎஸ்டி நம்பர், உத்யம் நம்பர். ஜிஎஸ்டி நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அதுக்கப்புறம் பத்து எழுத்து உங்க பான் நம்பர். அதனால ஆறாவது எழுத்து 'P'ன்னா தனி ஆள் தொழில், 'F'ன்னா பார்ட்னர்ஷிப், 'C'ன்னா கம்பெனி. லோகோவுக்குக் கீழ "பிரைவேட் லிமிடெட்", இங்க 'P'. அங்கயே மாட்டிக்குவீங்க.

இன்னொண்ணு, gst.gov.in-ல உங்க நம்பரைப் போட்டா பதிவுத் தேதி வரும். ஜிஎஸ்டியே 2017 ஜூலையிலதான் வந்துச்சு. 1998-ல ஆரம்பிச்ச பட்டறைக்கும் அங்க 2017-க்கு முந்தின தேதி காட்டாது. அதனால தொடங்கின வருஷத்தைத் தாள்ல தனியா எழுதுங்க.

[திரையில்: பழைய தாளும் புதிய தாளும் பக்கத்துப் பக்கத்தில்.]

புதுசுல பாதித் தாள் காலியா இருக்கு. "அப்பா கதையை எங்க சார் வைக்கறது?"ன்னு கேட்டாரு. கடையைப் பார்க்க ஆள் வருவாங்கல்ல, அப்ப டீ குடிக்கறப்ப சொல்லுங்கன்னேன்.