சொட்டு மருந்தில் 4 மி.லி. என்றால் நான்கு மடங்கு

கேள்வி: டாக்டர், என் பொண்ணுக்கு எட்டு மாசம், எடை 7 கிலோ. காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் சிரப் 4 மி.லி. கொடுக்கச் சொல்லியிருக்காங்க. இப்ப ஊருக்கு வந்திருக்கோம், இங்க சொட்டு மருந்து பாட்டில்தான் இருக்கு. அதுலயும் 4 மி.லி.தானா? அதுல குறையலன்னா நடுவுல ஐபுபுரூஃபன் கொடுக்கலாமா?

பதில்: சொட்டு மருந்தில் 4 மி.லி. கொடுக்காதீர்கள். அந்தப் பாட்டிலில் உங்கள் குழந்தைக்கு 1 மி.லி. போதும். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மருந்தின் அளவு என்பது மி.லி. அல்ல, மி.கி. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி. வரை கொடுக்கலாம். 7 கிலோ குழந்தைக்கு அது 70-இல் இருந்து 105 மி.கி. நாம் சுலபமாக 100 மி.கி. என்று வைத்துக்கொள்வோம். இனி அந்த 100 மி.கி. எந்தப் பாட்டிலில் எவ்வளவு திரவத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம். சாதாரண சிரப்பில் 5 மி.லி.-க்கு 120 அல்லது 125 மி.கி. இருக்கும், அதனால்தான் உங்களுக்கு 4 மி.லி. என்று சொன்னார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான சிரப்பில் 5 மி.லி.-க்கு 250 மி.கி. இருக்கும், அதில் 2 மி.லி. போதும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மி.லி.-க்கே 100 மி.கி. இருக்கும். சின்னக் குழந்தைக்குக் கொஞ்சமாக ஊட்டினால் போதும் என்று வசதிக்காகச் செறிவாகச் செய்தது அது. பாட்டில் சின்னது, படத்தில் குழந்தை இருக்கிறது, ஆகவே இது வீரியம் குறைந்தது என்று நினைத்துவிடுகிறோம். உண்மை நேர் எதிர். மூன்றிலும் வீரியம் அதிகம் இதற்குத்தான்.

வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் பாட்டில் இன்னொரு கணக்கு. அமெரிக்காவில் இந்த இரண்டு அளவுக் குழப்பம் ஆபத்தானது என்பதால், 2011-இல் செறிவான சொட்டு மருந்தைக் கைவிட்டு, குழந்தைகளுக்கான திரவ பாராசிட்டமாலை 5 மி.லி.-க்கு 160 மி.கி. என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே அதை அசிட்டமினோஃபென் என்பார்கள், மருந்து ஒன்றுதான். அந்தப் பாட்டிலில் உங்கள் குழந்தைக்கு 3 மி.லி. வரும். நம் ஊரில் சொட்டு மருந்து, சிரப், டபுள் அளவு சிரப் மூன்றும் ஒரே மருந்துக்கடையில் பக்கத்து பக்கத்தில் நிற்கின்றன. அதனால் பாட்டிலைத் திறக்கும் முன் லேபிளில் அந்த ஒரு வரியைப் படியுங்கள்: எத்தனை மி.லி.-க்கு எத்தனை மி.கி.

சரி, தவறாக 4 மி.லி. சொட்டு மருந்து போய்விட்டால் என்ன ஆகும்? 400 மி.கி. உள்ளே போயிருக்கும், கிலோவுக்குச் சுமார் 57 மி.கி. ஒரே ஒரு தடவை என்றால் இது பொதுவாகக் கல்லீரலைக் கெடுக்கும் அளவு அல்ல. ஒரே வேளையில் கிலோவுக்கு 150 மி.கி.-க்கு மேல் போனால்தான் கவலை தொடங்குகிறது. ஆனால் வீட்டில் அந்தத் தவறு ஒரு தடவையோடு நிற்காது. 4 மி.லி.தான் சரியான அளவு என்று நம்பி ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுப்பார்கள். ஒரு நாளில் நான்கு தடவை, மொத்தம் 1600 மி.கி., கிலோவுக்கு 228 மி.கி. இது நிச்சயம் ஆபத்தான அளவு. இதைவிடக் குறைவாக, நாளுக்குக் கிலோவுக்கு 100 மி.கி.-க்கு மேல் என்று மூன்று நாள் தொடர்ந்து போனாலும் கல்லீரல் பாதிக்கப்படலாம். அதிலும் காய்ச்சலில் சரியாகப் பால் குடிக்காத குழந்தை என்றால், மருந்தின் நச்சுக் கழிவைச் சமாளிக்கக் கல்லீரலில் இருக்கும் சரக்கு ஏற்கெனவே குறைந்திருக்கும்.

அளக்கும் கருவியிலும் கவனம் வேண்டும். ஒரு பாட்டிலின் டிராப்பரை இன்னொரு பாட்டிலுக்குப் போடாதீர்கள், கோடுகள் பொருந்தாது. சமையலறை ஸ்பூன், சங்கு, பாலாடை எதுவும் அளவுகோல் ஆகாது. ஊசி இல்லாத 2 மி.லி. அல்லது 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்றை மருந்துக்கடையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கண் மட்டத்தில் வைத்து அளந்து, கன்னத்தின் உள்பக்கமாக மெதுவாக ஊட்டுங்கள். சில வீடுகளில் 500 மி.கி. மாத்திரையைக் கால் துண்டாக உடைத்துப் பொடிசெய்து கொடுக்கிறார்கள். ஒன்றரை மாதத்தில் தடுப்பூசி போட்ட 4½ கிலோ குழந்தைக்கு அந்தக் கால் துண்டு, அதாவது 125 மி.கி., கிலோவுக்கு 28 மி.கி. ஆகிவிடுகிறது. தேவையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது சரியாகக் கால் துண்டாக உடையும் என்ற நிச்சயமும் இல்லை.

வயதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்குள் பாராசிட்டமாலை வீட்டு முடிவாகக் கொடுக்கக் கூடாது. தடுப்பூசி அன்று மருத்துவரோ செவிலியரோ எடை பார்த்து அளவு சொன்னால் மட்டும் கொடுக்கலாம். தடுப்பூசி போடாத நாளில், மூன்று மாதம் முடியாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், ராத்திரி ஆனாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். அந்த வயதில் இரத்தத்தில் கிருமி பரவினாலும் வெளியில் தெரியும் ஒரே அறிகுறி காய்ச்சலாக இருக்கலாம். ஐபுபுரூஃபன் ஆறு மாதம் முடிந்த பிறகுதான். இங்கிலாந்தில் மூன்று மாதமும் 5 கிலோ எடையும் தாண்டினால் அனுமதிக்கிறார்கள், அமெரிக்காவில் ஆறு மாதம். வீட்டில் நீங்களாகக் கொடுப்பதற்கு ஆறு மாதத்தையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இடைவெளி. பாராசிட்டமாலுக்குக் குறைந்தது 4 மணி நேரம் என்று லேபிளில் இருக்கும். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு வீட்டில் 6 மணி நேரம் விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. பலர் சறுக்குவது எங்கே என்றால், மருந்து கொடுத்து அரை மணி நேரத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, 103 இன்னும் 102-தான் ஆகியிருக்கிறது, மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொரு வேளை கொடுத்துவிடுகிறார்கள். வேலை செய்யத் தொடங்கவே அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அப்போதும் ஒன்றிரண்டு டிகிரிதான் இறங்கும், முழுவதும் இறங்க வேண்டும் என்று அவசியம் இல்லை. குழந்தை கொஞ்சம் தெளிந்து பால் குடிக்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்று பாருங்கள். நன்றாகத் தூங்கும் குழந்தையைக் காய்ச்சல் மருந்துக்காக எழுப்ப வேண்டாம்.

மருந்து கொடுத்ததும் வாந்தி எடுத்தால்? அரை மணி நேரத்துக்குள் என்றால் அதே அளவை ஒரே ஒரு முறை திரும்பக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு என்றால் அடுத்த வேளை வரைக்கும் காத்திருங்கள். வாந்தி எடுக்கிறாளே என்று ஆசனவாயில் வைக்கும் மாத்திரையை வைத்தீர்கள் என்றால், அதுவும் பாராசிட்டமால்தான், அதுவும் ஒரு வேளைக் கணக்குதான்.

நடுவில் ஐபுபுரூஃபன் கொடுப்பதைப் பற்றி. எண் குறையவில்லை என்பதற்காக வேண்டாம். பாராசிட்டமால் கொடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் ஆகியும் குழந்தை மிகவும் துவண்டு, நச்சரித்துக்கொண்டே இருந்தால் மட்டும், மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். 7 கிலோவுக்கு ஒரு வேளை சுமார் 50 மி.கி., அதாவது 5 மி.லி.-க்கு 100 மி.கி. உள்ள சிரப்பில் 2½ மி.லி. எட்டு மணி நேர இடைவெளி, நாளுக்கு மூன்று வேளை, பால் குடித்த பிறகு. இரண்டு மருந்தும் ஓடும்போது இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். மாலை 6 மணிக்குப் பாராசிட்டமால், 8 மணிக்கு ஐபுபுரூஃபன் என்றால், அடுத்த பாராசிட்டமால் நள்ளிரவு 12-க்கு, அடுத்த ஐபுபுரூஃபன் விடிகாலை 4-க்கு. தூக்கக் கலக்கத்தில் இது யாருக்கும் நினைவில் நிற்காது. நீங்கள் 12 மணிக்குக் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பீர்கள், பாட்டி ஒரு மணிக்கு உடம்பு சுடுகிறதே என்று பாசத்தோடு இன்னொரு வேளை கொடுப்பார். காலண்டர் தாளைக் கிழித்து பாட்டிலில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டி, கொடுத்தவர் உடனே மருந்தின் பெயரையும் மணியையும் எழுதட்டும்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. நம் ஊரில் ஐபுபுரூஃபன் என்று கேட்டால், பாராசிட்டமாலும் சேர்ந்த சிரப்பைக் கொடுத்துவிடுவது சாதாரணம். மெஃபனமிக் ஆசிட் சிரப்பிலும் அப்படிச் சேர்ந்தது உண்டு. மாற்றி மாற்றிக் கொடுப்பதாக நினைப்பீர்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் பாராசிட்டமால் போய்க்கொண்டிருக்கும். சளி சொட்டு மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. அவற்றில் கூடவே இருக்கும் குளோர்ஃபெனிரமின், ஃபெனிலெஃப்ரின் கூட்டை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023-இலேயே இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லிவிட்டது. எட்டு மாதக் குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஐபுபுரூஃபன் அறவே கூடாத நேரங்களும் உண்டு. மழைக்காலத்தில் டெங்கு இருக்குமோ என்ற சந்தேகம் தீரும் வரை கொடுக்கக் கூடாது, ஏற்கெனவே தட்டணுக்கள் குறையும் நோயில் அது இரத்தக் கசிவைக் கூட்டும். வாந்தி, பேதி, பால் மறுப்பது, ஆறேழு மணி நேரமாக மூத்திரம் போகாமல் இருப்பது என்று உடலில் நீர் வற்றியிருந்தாலும் கூடாது, சிறுநீரகம் பாதிக்கப்படும். அம்மை போட்டிருந்தாலும் தவிர்த்துவிடுங்கள்.

அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால், குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று இருந்துவிடாதீர்கள். பாராசிட்டமால் அதிகமானால் முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், அல்லது வெறும் வாந்தியும் சோர்வும் இருக்கலாம். கல்லீரல் கெட்டது இரண்டாம், மூன்றாம் நாள்தான் தெரியவரும். மாற்று மருந்து உண்டு, அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர், எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாக வேலை செய்யும். அதனால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு, வாந்தி எடுக்கவைக்க முயலாமல், மருத்துவரை அழையுங்கள். ஒரு நாளில் பல தடவை போயிருந்தால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். கொடுத்த எல்லா பாட்டில்களையும், சளி மருந்து உட்பட, கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மி.கி. போயிருக்கிறது என்று அங்கே கணக்குப் போட லேபிள் வேண்டும்.