முதல் ஆறு எண்களைச் சொல்லி நம்பவைக்கும் குரல்

வணக்கம். நான் பாலக்கோடு, மாரண்டஅள்ளி, இராயக்கோட்டை எனச் சுற்றுவட்டாரக் கிளைகளில் முப்பத்தொரு ஆண்டுகள் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிராமக் கூட்டங்களில் எல்லோரும் சேர்ந்து கேட்கும்படி, வங்கியின் பெயரைச் சொல்லி வரும் மோசடி அழைப்புகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மோசடி வகைகளை வரிசையாகச் சொன்னால் எதுவும் மனத்தில் நிற்காது. அதனால் ஒரே ஓர் அழைப்பை எடுத்துக்கொண்டு, அது தொடங்கியதிலிருந்து முடிந்தது வரை சொல்கிறேன்.

பாலக்கோட்டுக்கு அருகில் ஒரு சிற்றூர். இரண்டு கறவை மாடுகள் வைத்துக்கொண்டு சங்கத்துக்குப் பால் ஊற்றும் ஓர் அம்மா. கணவர் ஓசூரில் வேலை பார்க்கிறார். அம்மாவின் கணக்கில் அன்று 18,400 ரூபாய் இருந்தது. பால் பணமும் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகையும் சிறுகச் சிறுகச் சேர்ந்த தொகை. காலைப் பாலை ஊற்றிவிட்டு வந்து அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில் கைபேசி ஒலித்தது.

அழைத்தவன் அம்மாவின் பெயரைச் சொல்லி, "அம்மா, வங்கித் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறோம்" என்றான். நல்ல தமிழ், பணிவான குரல். "உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது. இன்று பன்னிரண்டு மணிக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கிவிடும். இந்த மாத உரிமைத்தொகையும் திரும்பிப் போய்விடும்" என்றான். உரிமைத்தொகை என்ற சொல் நம் பெண்களிடம் எவ்வளவு பலமாக வேலை செய்யும் என்பது அவனுக்குத் தெரியும். அந்தத் திட்டத்தின் விண்ணப்ப முகாம்கள் 2023 ஜூலை 24 அன்று தொடங்கியதே நம் மாவட்டத்துத் தொப்பூரில்தான். வரிசையில் நின்று வாங்கிய உரிமை பறிபோகும் என்றால் யாருக்கும் நெஞ்சு பதறும்.

இருந்தாலும் அந்த அம்மா உடனே நம்பவில்லை. "நீங்கள் வங்கிதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. அவன் தயங்காமல் சொன்னான்: "உங்கள் ஏடிஎம் அட்டையைக் கையில் எடுங்கள். முதல் ஆறு எண்களை நான் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்." அவன் சொல்லச் சொல்ல அட்டையில் அப்படியே இருந்தது. அம்மாவின் சந்தேகம் அந்த இடத்தில் கரைந்துபோனது.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஏடிஎம் அட்டையில் இருக்கும் 16 எண்களில் முதல் ஆறும் உங்களுடையவை அல்ல. அவை வங்கிக்கும் அட்டை வகைக்கும் உரிய அடையாளம். ஒரே வங்கியில் ஒரே வகை அட்டை வாங்கிய உங்களுக்கும் உங்கள் கொழுந்தியாருக்கும் பக்கத்து ஊர்க்காரருக்கும் முதல் ஆறு எண்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். சந்தேகம் இருந்தால் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், ஒரே வங்கியில் வாங்கிய இரண்டு அட்டைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். அட்டை வகை வேறாக இருந்தால் மாறலாம். அந்த வங்கியின் ஏதோ ஓர் அட்டை கிடைத்தால் போதும், அதைப் பார்த்து ஆயிரம் பேரிடம் அதே எண்களை ஒப்பிக்கலாம். பெயர் தெரிந்ததும் அதிசயம் அல்ல. கைபேசி எண்ணைப் போட்டால் பெயரைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன.

முதல் ஆறைத் தான் சொல்லிவிட்டு, "மீதிப் பத்தை நீங்கள் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கிறேன்" என்றான். அம்மா சொன்னார். அட்டை காலாவதியாகும் மாதம், ஆண்டு கேட்டான். பின்புறம் உள்ள மூன்று எண்களைக் கேட்டான். அதையும் சொன்னார். இவ்வளவும் கிடைத்தால் இணையத்தில் அந்த அட்டையை வைத்துப் பொருள் வாங்க முயலலாம். ஒரே ஒரு பூட்டுதான் மிச்சம் இருந்தது. அந்தப் பூட்டின் சாவி, கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் ஓடிபி எண்.

"இப்போது ஒரு ரகசிய எண் வரும். அதைச் சொன்னால் கணக்கு முடங்காமல் நிறுத்திவிடுகிறேன்" என்றான். எண் வந்தது. அம்மா படித்துச் சொன்னார். "அது பதிவாகவில்லை அம்மா, மறுபடி ஒன்று வரும்" என்றான். இரண்டாவதும் வந்தது, சொன்னார். முதல் எண்ணில் 9,900 ரூபாய் போனது. இரண்டாவதில் 8,000. கணக்கில் மிஞ்சியது 500 ரூபாய்.

ஓடிபி என்பது கையெழுத்து. காசோலையில் போடும் கையெழுத்துக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. பணத்தை வெளியே அனுப்புவதற்கு நீங்கள் தரும் சம்மதம் அது. எதையும் நிறுத்துவதற்கோ, முடங்கிய கணக்கைத் திறப்பதற்கோ தொலைபேசியில் வேறொருவரிடம் சொல்ல வேண்டியது அல்ல. அந்தக் குறுஞ்செய்தியிலேயே பெரும்பாலும் எவ்வளவு தொகைக்கு, எந்தக் கடைக்கு என்று எழுதியிருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் இருக்கும். நம் வீடுகளில் ஆங்கிலம் படிக்காதவர்கள் ஓடிபி எண்ணை மட்டும் கண்டுபிடித்து வாசிக்கிறார்கள், மற்றதை விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆர், எஸ் என்ற இரண்டு எழுத்துகளோ, ஐ, என், ஆர் என்ற மூன்று எழுத்துகளோ இருந்து, பக்கத்தில் ஒரு தொகையும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அது பணம் போகும் செய்தி. தொகை இல்லாவிட்டாலும் அந்த எண் யாருக்கும் சொல்வதற்கு உரியது அல்ல.

அவன் ஏன் அவ்வளவு அவசரப்படுத்தினான் என்பதையும் சொல்ல வேண்டும். ஓடிபி எண்ணுக்குச் சில நிமிடங்கள்தான் ஆயுள். அதற்குள் நீங்கள் சொல்லாவிட்டால் அது செத்துப்போகும், அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். "போனை வைக்காதீர்கள், வீட்டில் யாரிடமும் இப்போது பேசாதீர்கள்" என்று அவன் சொல்வதற்குக் காரணமும் அதுதான். இணைப்பு நீடிக்கும்வரை, பணம் போன செய்தியை நீங்கள் திறந்து பார்க்க மாட்டீர்கள், மகனையும் கூப்பிட மாட்டீர்கள்.

கேஒய்சி என்பது முழுப் பொய்யும் அல்ல. அதனால்தான் இந்த ஏமாற்று எடுபடுகிறது. அடையாள ஆவணங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நம்மைப் போன்ற சாதாரணக் கணக்குகளுக்குப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஆனால் கெடு வருவதற்கு முன்பே குறைந்தது மூன்று முறை வங்கி உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக வர வேண்டும் என்று 2025-இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. காலையில் அழைத்து நண்பகலுக்குள் கணக்கை மூடும் கெடு எந்த வங்கியிலும் கிடையாது. புதுப்பிக்க வேண்டியிருந்தால் ஆதாரை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். ஊருக்கு வரும் வங்கித் தொடர்பாளர் இருந்தால் அவரிடமும் கேட்கலாம்.

எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வங்கிகள் சேவை தொடர்பாக அழைப்பதற்கென்று 1600 என்று தொடங்கும் எண் வரிசையை ஒதுக்கியிருக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அதை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயிர்க்கடன் தவணை பற்றிக் கிளை மேலாளர் தம் சொந்தக் கைபேசியிலிருந்து உங்களை அழைப்பது நம் பகுதியில் வழக்கம்தான். அதனால் எண்ணைவிடக் கேள்வியைப் பாருங்கள். எந்த எண்ணிலிருந்து வந்தாலும், ஓடிபி, பின்புறத்து மூன்று எண்கள், ஏடிஎம் ரகசிய எண் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டால் அவன் வங்கிக்காரன் அல்லன்.

அந்த அம்மாவைப் போல நீங்களும் கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டாம் என்பது என் கருத்து. நம் ஒவ்வொரு கேள்விக்கும் அவனிடம் பதில் தயாராக இருக்கிறது, அந்தப் பதில்தான் நம்மைக் கவிழ்க்கிறது. மரியாதை குறைவாகத் தோன்றினாலும் பேச்சின் நடுவிலேயே இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு ஏடிஎம் அட்டையின் பின்புறத்திலோ பாஸ்புக்கிலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களாக அழையுங்கள். இணையத்தில் தேடி எடுத்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் மோசடிக்காரர்களே தங்கள் எண்களை அங்கே பரப்பி வைக்கிறார்கள்.

இன்னொரு மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சிலர் இப்போது எண்ணைக் கேட்பதே இல்லை. வாட்ஸப்பில் வங்கியின் சின்னத்தோடு ஒரு கோப்பை அனுப்பி, "இதைத் திறந்து விவரத்தை நிரப்புங்கள்" என்கிறார்கள். கோப்பின் பெயர் ஏ, பி, கே என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் முடியும். அது படிவம் அல்ல, ஒரு செயலி. நிறுவிவிட்டுக் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால், உங்களுக்கு வரும் ஓடிபி தானாகவே அவன் கைக்குப் போகும். நீங்கள் வாயே திறக்க வேண்டியதில்லை. திறந்துவிட்டீர்கள் என்றால் முதலில் அந்தக் கைபேசியின் இணைய இணைப்பை அணையுங்கள். பிறகு வேறொரு கைபேசியிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துங்கள்.

பாலக்கோட்டு அம்மா என்ன செய்தார்? பயத்திலும் வெட்கத்திலும் அன்று முழுவதும் யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் பள்ளியிலிருந்து வந்த மகள்தான் குறுஞ்செய்திகளைப் படித்துச் சொன்னாள். மறுநாள் காலை கிளைக்கு வந்தார். அதற்குள் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறி எடுக்கப்பட்டுவிட்டது. அந்த ஒரு நாளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. பணம் அடுத்த கணக்கில் கிடக்கும்போதே புகார் போயிருந்தால், அதை அங்கேயே நிறுத்தி வைக்க வழி இருந்தது.

அதற்கான எண் 1930. இணையக் குற்றங்களுக்காக நாடு முழுவதற்கும் உள்ள உதவி எண் அது. அழைக்கும்போது உங்கள் வங்கியின் பெயர், கணக்கு எண், போன தொகை, போன நேரம், பணம் போனதாக வந்த குறுஞ்செய்தியில் இருக்கும் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். எல்லாம் இல்லாவிட்டாலும் இருப்பதை வைத்து அழையுங்கள். கையோடு வங்கிக்கும் சொல்லுங்கள். இதில் சட்டப்படியும் ஒரு காரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, ஓடிபியை நாமே சொல்லி ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம் இழப்பு. தெரிவித்த பிறகும் போனால் அது வங்கியின் பொறுப்பு. அம்மாவின் கணக்கில் 500 ரூபாய்தான் மிஞ்சியிருந்தது. இன்னொருவர் கணக்கில் மாங்காய் விற்ற பணம் முழுவதும் இருக்கலாம்.

கூட்டம் கலைவதற்கு முன், பேனா வைத்திருக்கும் பிள்ளைகளை அழைத்து, ஒவ்வொருவருடைய பாஸ்புக்கின் உள் அட்டையிலும் இரண்டு எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்று, அட்டையின் பின்புறம் இருக்கும் வங்கி எண். மற்றொன்று 1930. பெரிய எழுத்தில், கண்ணாடி போடாமலே தெரியும்படி எழுதச் சொல்லுங்கள்.