மூச்சு எங்கே, எதுகை எங்கே

நண்பர்களே, தமிழில் வரியின் கடைசியில் ஒலி சேர்ப்பது மிக எளிது. 'வருகிறேன், தருகிறேன்' என்று விகுதியே வேலையை முடித்துவிடும். அதனால்தான் அது காதில் நிற்பதில்லை. ராப்பில் நிற்பது வரிக்குள் மூன்று நான்கு எழுத்துகள் தொடர்ந்து ஒத்து ஒலிப்பது. அதை ஒரே எடுத்துக்காட்டில் பார்ப்போம். நானே எழுதிய வரி இது:

அலை வீசும் கரையோரம் விலை பேசும் குரலோசை

ஒற்றெழுத்துகளை நீக்கி எண்ணுங்கள், பதினாறு எழுத்து. கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கும் இதே கணக்குத்தான், எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. ஒரு பாருக்கு நான்கு பீட், ஒரு பீட்டுக்கு நான்கு எழுத்து. 'அலை வீசும்', 'விலை பேசும்' இரண்டும் நான்கு எழுத்திலும் குறில் நெடில் அளவால் ஒன்றையொன்று தொடுகின்றன, 'லை'யும் 'சும்'மும் அப்படியே ஒலிக்கின்றன. அதைவிட முக்கியமானது, நான்கு துண்டிலும் நெடில் மூன்றாம் இடத்தில் விழுகிறது: வீ, யோ, பே, லோ. இந்த ஒழுங்குதான் வரியை உருட்டிச் செல்கிறது. நிமிடத்துக்கு 90 பீட் வேகத்தில் இந்தப் பார் 2.7 நொடிக்குள் முடிந்துவிடும். அவசரப்பட்டால் முதலில் சாவது நெடில்தான். 'வீசும்' 'விசும்' ஆகிவிடும். 'அலை'யைச் சற்றே நெருக்கிச் சொல்லி, மிஞ்சும் நேரத்தை 'வீ'க்குக் கொடுங்கள்.

பதினாறு இடமும் நிறைந்துவிட்டதால் மூச்சுக்கு இடமில்லை. ஆகவே அடுத்த பாரின் முதல் பீட்டைக் காலியாக விடுகிறேன். முக்கால் நொடிக்கும் குறைவு, ஆனால் போதும். இரண்டாம் பீட்டில்தான் சொல் தொடங்குகிறது:

(மூச்சு) தலை மீது சுமை ஏற நடை மாறும்

முன்பு பாரின் வாசலில் நின்ற சொல் இப்போது ஒரு பீட் தள்ளி வருகிறது. கேட்பவரின் தலை முதல் பீட்டில் அசைந்துவிட்டு, சொல்லுக்காகக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு கையில் இருக்கும்போதே நடையை மாற்ற வேண்டும். மூன்றாம் பார் திஸ்ரம், பீட்டுக்கு மூன்றே எழுத்து:

படகில் கிடந்த உடலில் நடுக்கம்

ட, ட, ட, டு. நான்கு சீரிலும் இரண்டாம் எழுத்தில் எதுகை, முதல் எழுத்தெல்லாம் குறில். நெடில் ஒன்றுகூட இல்லாததால் பற்கள் தந்தியடிப்பது போலக் கேட்கிறது. எழுத்து பன்னிரண்டாகக் குறைந்தும் வேகம் கூடியது போன்ற உணர்வு அந்தக் குறில்களால் வருகிறது.

இரண்டாம் பாரின் மூச்சு ஏழு பீட்டைத் தாங்க வேண்டும், அதாவது நான்கரை நொடிக்குச் சற்று மேல். சிலர் 'மாறும்' முடிந்ததும் இன்னொரு சின்ன மூச்சைத் திருடுவார்கள். அப்போது 'படகில்' என்பதன் 'ப' பீட்டுக்குப் பிந்தி விழும், அடுத்த மூன்று எதுகையும் சேர்ந்து சரியும். மூச்சு குறைவாக எடுத்திருந்தாலும் தெரிந்துவிடும். கைப்பேசியில் பதிவு செய்து கடைசிச் சொல்லை மட்டும் கேளுங்கள். 'நடுக்கம்' என்பதில் 'ம்' காணாமல் போயிருந்தால், குறை அந்தச் சொல்லில் இல்லை. ஏழு பீட்டுக்கு முன்னால், வாய் திறந்த அந்த முதல் பீட்டில் இருக்கிறது.